நிறை சரி, பலம் சரியில்லை: புரதமாவா, காலை நடையா, வலுப்பயிற்சியா?

கோண்டாவிலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 72 வயது. உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 51 கிலோ. கிளினிக் கொப்பியைப் புரட்டினால் பத்து ஆண்டுகளாக அந்த நிறை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. உடற்திணிவுச் சுட்டி 22. சுவரில் தொங்கும் அட்டவணையில் அது பச்சைக் கட்டத்தின் நடுவில் விழுகிறது. சீனி வருத்தம் குளிசையில் கட்டுப்பட்டிருக்கிறது. "நிறை நல்லாயிருக்கிறது அம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆனால் தாழ்ந்த கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. கிணற்றடியில் அரை வாளித் தண்ணீருக்கு மேல் தூக்க முடிவதில்லை. பஸ்ஸின் முதற்படியில் ஏறும்போது பின்னால் யாராவது தாங்க வேண்டும். போன மாரியில் விறாந்தைப் படியில் சறுக்கினார். தூணைப் பிடிக்கக் கை நீண்டது, ஆனால் பிடி கிடைக்கும் முன்பே விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்பது அதிர்ஷ்டம்.

அதன் பிறகு குடும்பத்தில் மூன்று கட்சிகள் உருவாயின. ரொறன்ரோவில் இருக்கும் மகன் புரதமா டப்பாக்கள் அனுப்புவதாகச் சொன்னார். உள்ளூரில் இருக்கும் மகள் தினமும் காலையில் நடக்கவைக்க வேண்டும் என்றார். நான் இயன்மருத்துவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வலுப்பயிற்சி தொடங்கச் சொன்னேன். பக்கத்து வீட்டிலிருந்து எண்ணெய் தேய்ப்பும், மருந்துக்கடையிலிருந்து விற்றமின் டி குளிசையும் பட்டியலில் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் பெரியம்மா ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எது முதலில் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

தராசு காட்டாத இழப்பு

தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். ஐம்பது வயதுக்குப் பிறகு தசையின் அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைந்துகொண்டு போகிறது. பத்து ஆண்டில் இரண்டு கிலோ தசை கரைந்து, அதே இரண்டு கிலோ கொழுப்பாக வயிற்றில் வந்து சேர்ந்தால் முள் அசையாது. ஆனால் உடுப்பு காட்டிக்கொடுக்கும். பெரியம்மாவின் சட்டைக் கை தொளதொளத்துப் போயிருக்கிறது, பாவாடை நாடாவோ முன்னைவிடத் தளர்த்திக் கட்டவேண்டியிருக்கிறது. தெற்காசிய உடல்வாகில் இது இன்னும் எளிதாக மறைந்துவிடும். ஒரே உடற்திணிவுச் சுட்டியில் ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது வழக்கம். ஆகவே நமக்கு 22 என்பது நிம்மதியடையப் போதிய எண் அல்ல.

அளவைவிடப் பலம் வேகமாகப் போகிறது, ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு வேகத்தில். காரணம் மூன்று. முதலாவது, முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் இயக்க நரம்புகள் வயதோடு ஒவ்வொன்றாக இறக்கின்றன. அவை இயக்கிய நார்களில் ஒரு பகுதி வேறு நரம்போடு இணைந்து பிழைக்கிறது, மீதி அழிகிறது. இரண்டாவது, மெலிவது பெரும்பாலும் வேகநார்கள். மெதுவாக நடக்கவும் நிற்கவும் உதவும் நார்கள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. சட்டென்று எழும்பவும், சறுக்கும்போது காலை முன்னே வீசி உடலை நிறுத்தவும் தேவைப்படும் நார்கள்தான் போகின்றன. பெரியம்மாவுக்குத் தூண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. காலும் கையும் போதிய வேகத்தில் போகவில்லை. மூன்றாவது, எஞ்சிய தசைக்குள்ளேயே கொழுப்பு ஊடுருவுகிறது. காலின் சுற்றளவு அதிகம் மாறாமலே அதன் தரம் கெடுகிறது.

தளர்நிலை என்று வைத்தியர்கள் சொல்வது இதைவிடச் சற்று அகலமானது. அமெரிக்காவில் லிண்டா ஃபிரீட் தலைமையிலான குழு 2001இல் வகுத்த அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. முயலாமலே நிறை குறைதல், எதற்கெடுத்தாலும் களைப்பு, கைப்பிடியில் பலக்குறைவு, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு என்று ஐந்து அடையாளங்கள். மூன்று இருந்தால் தளர்நிலை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்திய படி. ஐந்தில் ஒன்று மட்டுமே நிறையைப் பற்றியது. மற்ற நான்கும் இருந்து, நிறை மட்டும் அசையாமல் இருக்க முடியும். கிளினிக்கில் நிறை மட்டும் பார்த்து அனுப்பினால் தப்பிப்போவது இந்த மனிதர்கள்தான்.

வீட்டிலேயே அளந்தது

முடிவெடுக்க முன் நாங்கள் அளந்தோம். ஆசியாவுக்கான நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட வரம்புகள் இதற்குப் பொருந்தும். சாப்பாட்டு மேசைக்குரிய சாதாரண உயரக் கதிரை ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுதாக எழும்பி இருக்கச் சொல்ல வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் பலம் குறைவு என்று கொள்ளலாம். பெரியம்மாவுக்கு 19 விநாடி. விறாந்தையில் ஆறு மீற்றர் அளந்து வழமையான வேகத்தில் நடக்கச் சொன்னோம். விநாடிக்கு ஒரு மீற்றருக்குக் குறைவாக இருக்கக் கூடாது, அதாவது ஆறு விநாடிக்குள் முடிய வேண்டும். அவருக்கு ஒன்பதரை விநாடி ஆனது. கெண்டைக்கால் மிகப் பருத்த இடத்தில் தையல் நாடாவால் அளந்தபோது 30.5 சென்ரிமீற்றர். பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 என்பது எல்லை. பின்னர் இயன்மருத்துவர் கொண்டுவந்த கைப்பிடி அளவியில் 14 கிலோ வந்தது. பெண்களுக்கு 18க்குக் கீழே போனால் குறைவு, ஆண்களுக்கு 28.

இதில் இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு. கால் வீங்கியிருந்தால் கெண்டைக்கால் அளவு பொய் சொல்லும். விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்குக் கதிரைச் சோதனை மெதுவாவது நோவினாலா, பலக்குறைவினாலா என்று பிரித்தறிய வேண்டும். "நோகிறதா, அல்லது ஏலாமல் இருக்கிறதா?" என்று கேட்டால் முதியவர்கள் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். பெரியம்மா "நோவில்லைப் பிள்ளை, கால் தூக்குதில்லை" என்றார்.

பலம் குறைவு, நடை மெதுவு. அதோடு, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதைச் செய்தாலும் மலையாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார். மூன்று அடையாளங்கள், 51 கிலோவில்.

முதல் தெரிவு: புரதமா

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் முதலில் தோன்றும். அனுப்பலாம், எண்ணலாம், வந்து சேர்ந்ததா என்று கேட்கலாம். காரணமும் முற்றிலும் பிழையானது அல்ல. முதிய தசை புரதத்துக்கு மந்தமாகவே எதிர்வினை காட்டுகிறது. இளைஞர் ஒருவரின் தசை சிறிய அளவு புரதத்திலேயே கட்டுமான வேலையைத் தொடங்கிவிடும். முதியவருக்கு ஒரு வேளையில் உடல் நிறையின் கிலோவுக்கு ஏறக்குறைய 0.4 கிராம் வரை தேவைப்படுகிறது. பெரியம்மாவுக்கு அது வேளைக்கு 20 கிராம். நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது முதியோருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. அவருக்கு 51 முதல் 61 கிராம்.

அவர் உண்மையில் சாப்பிடுவதை எழுதிப் பார்த்தோம். காலையில் நாலைந்து இடியப்பம், சொதி, சம்பல்: ஆறு கிராம் தேறும். மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, பருப்பு, மரக்கறி, சின்னத் துண்டு மீன்: 20க்கும் 22க்கும் இடையில். இரவு பிட்டும் சம்பலும்: ஆறு. இரண்டு பால் தேநீர்: நாலு. மொத்தம் 36 முதல் 38 கிராம். வெள்ளிக்கிழமையிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் மீனும் இல்லை, அப்போது 30க்கும் கீழே. சீனி வருத்தத்துக்காகச் "சோற்றைக் குறையுங்கள்" என்று சொன்னதை அவர் சாப்பாட்டையே குறைப்பதாக எடுத்துக்கொண்டிருந்தார். சோற்றோடு கறியும் சுருங்கிவிட்டது. இது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது.

ஆகவே குறை உண்மையானது. ஆனால் புரதமா மட்டும் அதைத் தீர்க்குமா? இதற்கு நல்ல விடை 1994இல் கிடைத்துவிட்டது. பொஸ்ரனில் முதியோர் இல்லம் ஒன்றில் 72 முதல் 98 வயது வரையான நூறு தளர்ந்த முதியவர்களை மரியா ஃபியற்ரோனும் சக ஆய்வாளர்களும் நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கால் தசைக்கான கடும் வலுப்பயிற்சி, ஒன்றுக்குச் சத்துப்பானம், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரங்களின் பின் பயிற்சி செய்தவர்களின் தசைப்பலம் சராசரியாக இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. நடைவேகமும் படியேறும் திறனும் கூடின. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களின் பலத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. கட்டளை வராத இடத்தில் செங்கல்லை இறக்கினால் சுவர் எழும்பாது. கட்டளையைக் கொடுப்பது சுமை.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புரதத்தைக் கூட்ட முன் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். நாட்பட்ட நீரிழிவு உள்ளவருக்கு இது கட்டாயம். வழமையாக இரத்தத்தில் கிரியற்றினின் அளவைப் பார்ப்பார்கள். கிரியற்றினின் உருவாவது தசையிலிருந்து. தசை குறைந்தவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும், அதனால் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் அறிக்கை "சரி" என்று காட்டக்கூடும். தளர்ந்த முதியவரின் கிரியற்றினின் நன்றாக இருக்கிறது என்று கேட்டு நிம்மதியடைவது ஆபத்து. வைத்தியரிடம் தசைக்குறைவைச் சொல்லி, சிறுநீரிலும் புரதம் போகிறதா என்று பார்த்து, தேவையென்றால் தசையைச் சாராத சிஸ்ரற்றின் சோதனையைப் பற்றிக் கேட்பது நல்லது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்து, ஆனால் இரத்தச் சுத்திகரிப்பு தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் கூட்டக் கூடாது. பெரியம்மாவின் சோதனைகள் இரண்டும் சரியாக வந்தன.

டப்பா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதியோருக்கென்று விற்கப்படும் சத்துமாக்கள் பலவற்றில் மாப்பொருளும் சீனியுமே அதிகம். ஒரு வேளைக்குரிய அளவில் புரதம் பத்துக் கிராமைத் தொடாது. பாற்புரதமாவில் ஒரு கரண்டிக்கு 20 முதல் 24 கிராம் இருக்கும். டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பண்டங்கள் என்பது தெரியும்.

இரண்டாவது தெரிவு: காலை நடை

நடையை நான் குறைசொல்ல மாட்டேன். சீனிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மனதுக்கும் நல்லது. பெரியம்மாவுக்கும் பிடிக்கும், வழியில் நாலு பேரோடு கதைக்கலாம். ஆனால் இந்தச் சிக்கலுக்கு அது பொருந்துவதில்லை. சமதரையில் வழமையான வேகத்தில் நடக்கும்போது உடல் பெரும்பாலும் மெதுநார்களையே வேலைக்கு அழைக்கிறது. வேகநார்கள் சுமை கூடும்போதோ வேகம் கூடும்போதோதான் எழும்பும். நம் ஊரோ மேசைபோலத் தட்டை. நல்லூரிலிருந்து பண்ணைவரை நடந்தாலும் ஓர் ஏற்றம் கிடையாது. தினமும் நடக்கிற, ஆனால் கதிரையிலிருந்து எழும்ப முடியாத முதியவர்களை எங்கள் ஒழுங்கைகளில் நிறையப் பார்க்கலாம்.

இன்னொன்று, விழுந்து எழுந்த ஒருவரை விடியற்காலை இருட்டில், நாய்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும் ஒடுங்கிய வீதியில் நடக்க அனுப்புவது விழும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். சமநிலையும் பலமும் ஓரளவு திரும்பிய பிறகு நடையைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் மருந்தாக நான் அதைத் தர மாட்டேன்.

மூன்றாவது தெரிவு: வலுப்பயிற்சி

இதைக் கேட்டதும் பெரியம்மா சிரித்துவிட்டார். "இந்த வயதில் என்னைப் பயில்வானாக்கப் போகிறீர்களா?" என்றார். இயந்திரமும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம். நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. பயிற்சியாளர் சில தடவை மட்டும் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்து, சுமையைக் கூட்டிவிட்டுப் போவார். மீதியை முதியவர் தாமே செய்வார். கணுக்காலில் சிறு பாரம், சமநிலைப் பயிற்சி, கூடவே நடை. ஆய்வுகளில் விழுகைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எங்கள் இயன்மருத்துவரும் இந்த வகையான ஒழுங்கையே அமைத்தார்.

பெரியம்மாவுக்குக் கொடுத்தது இதுதான். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. கதிரையில் இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, கை ஊன்றாமல் எட்டுத் தடவை எழும்பி இருத்தல். சற்று ஆறி இன்னொரு எட்டு. எழும்புவது வேகமாக, இருப்பது மூன்று எண்ணிக்கையில் மெதுவாக. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கால் உயர்த்தல் பத்து. பக்கவாட்டில் கால் தூக்கல், ஒவ்வொரு காலுக்கும் எட்டு. விறாந்தையின் கீழ்ப்படியில் ஏறி இறங்கல், பக்கத்தில் மகள் நிற்க. கடைசியில் சுவருக்குப் பக்கத்தில் ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்து நிற்றல். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகாது.

இதில் உயிர்நாடி ஒன்றுதான்: கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்க வேண்டும். எட்டும் இலகுவாக முடிந்தால் தலையணை ஒன்றை எடுத்துவிட வேண்டும். அதுவும் இலகுவானால் மற்றதையும். பிறகு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்ப வேண்டும். கணுக்காலுக்கு அரைக் கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பை, பின்னர் ஒரு கிலோ. சுமை கூடாத பயிற்சி சில வாரங்களில் வெறும் சடங்காகிவிடும். இயன்மருத்துவர் வந்து வெப்பம் பிடித்து, காலை அவரே மடக்கி நீட்டிவிட்டுப் போனால் நோவு தணியலாம், பலம் வராது. பணம் கொடுக்க முன் இதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்: "அடுத்த முறை வரும்போது எதைக் கூட்டுவீர்கள்?"

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்பும்போது மூச்சை வெளியே விடச் சொல்ல வேண்டும், வாய்விட்டு எண்ணச் சொன்னால் தானாக நடக்கும். கிளிக்ளசைட் போன்ற குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்தால் சீனி இறங்கிவிடலாம். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தின் பின் என்று வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு வாரங்களில் மறுநாள் தொடை உளைவது இயல்பு. மூட்டில் குத்தும் நோவு, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் நிறுத்த வேண்டும். உளைவைக் கண்டு பயந்து கைவிடுவதுதான் எங்கள் வீடுகளில் பயிற்சி முறியும் முதல் இடம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஓராண்டுக்குள் நாலைந்து கிலோ காரணமில்லாமல் குறைந்திருந்தால் பயிற்சியும் புரதமும் பிறகுதான். கட்டுக்கடங்காத நீரிழிவு, தைரொயிட், காசநோய், புற்றுநோய் எல்லாம் தசையைக் கரைக்கும். முதலில் வைத்தியரிடம் போக வேண்டும். பெரியம்மாவின் நிறை அசையாதது இந்த ஓர் இடத்தில் நல்ல செய்தி.

மீதி இரண்டும்

விற்றமின் டி குறைவாக இருப்பது சோதனையில் தெரிந்தால் எடுக்கலாம்; வெயில் ஊரிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குக் குறையக்கூடும். குறையில்லாதவருக்கு அது தசைப்பலத்தைக் கூட்டுவதில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை மிகப் பெரிய அளவில் கொடுத்த ஆய்வொன்றில் விழுகைகள் கூடியிருக்கின்றன. எண்ணெய் தேய்ப்பு சுகமானது, தூக்கத்துக்கு நல்லது. தசையை அது வளர்க்காது. பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தொடர்கிறார், நாங்களும் தடுக்கவில்லை.

எடுத்த முடிவு

வலுப்பயிற்சி முதலில், அதோடு சேர்த்து உணவில் புரதம், நடை மூன்றாவது மாதத்திலிருந்து. புரதமா கடைசி. ரொறன்ரோ மகனிடம் நான் சொன்னது, டப்பாவுக்கும் தபாலுக்கும் செலவிடும் காசை இயன்மருத்துவரின் வருகைக்குத் தாருங்கள் என்பது. அவருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்கு ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை, அது விளங்குகிறது. பிறகு ஒப்புக்கொண்டார், பயிற்சி நாட்களில் வீடியோ அழைப்பில் வந்து எண்ணுவது இப்போது அவர் வேலை. மகனின் முகத்துக்காக இரண்டு தடவை கூடுதலாக எழும்புகிறார் பெரியம்மா.

உணவில் செய்த மாற்றம் சிறியது. காலையில் இடியப்பத்தோடு இரண்டு அவித்த முட்டை, ஒரு கோப்பைப் பால்: 20 கிராமைத் தாண்டுகிறது. மத்தியானம் சோறு அதே அளவு, மீன் துண்டு உள்ளங்கை அளவு, பருப்பு தண்ணீராக இல்லாமல் கெட்டியாக: 24 அளவில். சூடையோ பாரையோ கணவாயோ எதுவானாலும் சரி. கருவாட்டிலும் நெத்தலியிலும் புரதம் நிறைய இருந்தாலும் உப்பு அதிகம், இரத்த அழுத்தக்காரருக்கு அன்றாடம் கூடாது. இரவில் சம்பலுக்குப் பதில் கடலைக் கறியோ அவித்த பயறோ பிட்டோடு, ஒரு சிறு கிண்ணம் தயிர்: 18 முதல் 20. மூன்று வேளைக்கும் பரவியிருப்பதே இங்கே முக்கியம். முழுவதையும் மத்தியானத்தில் கொட்டினால் காலையும் இரவும் தசைக்கு வெறும் வேளைகளாகப் போகும்.

மரக்கறி நாட்களுக்கு வேறு கணக்கு. முட்டையும் இல்லாததால் சோயாமீற் 30 கிராம் உலர்ந்த அளவில் போட்டால் 15 கிராம் வரும். பயறு, கடலை, தயிர், பால் மீதியை நிரப்பும். திருவிழாக் காலத்துக்கென்று மட்டும் மகன் ஒரு புரதமா டப்பா அனுப்பினார். பாலில் ஒரு கரண்டி, காலையில். டப்பாவுக்கு இந்த வீட்டில் நியாயமான இடம் அதுதான்: விரத மாதத்தில், அல்லது காய்ச்சலுக்குப் பின் வாய்க்குச் சாப்பாடு இறங்காத நாட்களில்.

காய்ச்சலைப் பற்றி ஒன்று. படுக்கை முதியவரின் காலை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. பெரியம்மாவுக்கு மார்கழியில் காய்ச்சல் வந்தபோது "அசையாமல் படுங்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். காய்ச்சல் விட்ட அன்றே கட்டில் விளிம்பில் இருந்து ஐந்து தடவை எழும்பவைத்தோம், உயரத்தில் மூன்று தலையணையோடு. ஏறிய இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் மீண்டும் தொடங்க வேண்டும். விட்ட இடத்திலேயே தொடங்கினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

பன்னிரண்டு வாரத்தின் பின் திரும்ப அளந்தோம். ஐந்து தடவை எழும்ப 14 விநாடி. ஆறு மீற்றர் ஏழரை விநாடி. கைப்பிடி 15 கிலோ, மாற்றமே இல்லை என்று சொல்லலாம். காலுக்குச் செய்த பயிற்சி கைக்குப் போகாது. நிறை 51 கிலோவும் சொச்சமும். மகன் ஏமாற்றத்தோடு "நிறை ஏறவில்லையே" என்றார். ஏறவேண்டிய தேவையும் இல்லை. முதல் மாதங்களில் வரும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு இருக்கிற நார்களை முன்னைவிட நன்றாக அழைக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடிப்பது அதன் பின், மெதுவாக. கதிரைச் சோதனையின் 14 விநாடி இன்னும் எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. கைக்கென்று நெஞ்சளவில் போத்தல் தூக்கலும், இரண்டு கையிலும் பை பிடித்து விறாந்தையின் நீளம் நடப்பதும் இப்போது சேர்ந்திருக்கின்றன.

பன்னிரண்டு வாரத்தில் கதிரை நேரம் சற்றும் இறங்காவிட்டால் பார்க்க வேண்டிய ஒழுங்கு இது: சுமை உண்மையில் கூடியதா, தலையணை எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா, வாரத்துக்கு இரண்டு நாளாவது நடந்ததா, காலை வேளையில் 20 கிராம் போனதா. நான்குக்கும் விடை ஆம் என்றால் பயிற்சியில் பிழை தேடுவதை விட்டு வைத்தியரிடம் திரும்பிப் போய், தைரொயிட்டையும் விற்றமின் பி12ஐயும் எடுக்கும் குளிசைகளின் பட்டியலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மெற்ஃபோமின் பல ஆண்டு எடுப்பவருக்கு பி12 குறைவது அரிதல்ல. அந்தக் குறைவும் காலைத் தள்ளாடவைக்கும்.